விலைக்கு மேல் ஒரு விலை

தலைநகர் தில்லியின் புசா ரோட்டில், கரோல்பாக் மெட்ரோ நிலையத்திலிருந்து ராஜேந்திரா பிளேஸ் நோக்கி நடந்தால், பயிற்சி மையங்களின் விளம்பரங்களுக்கு இடையே வீட்டுத் தரகர்களின் பலகைகள் கண்ணில் படும். ‘ஒரு சதவீதம் மட்டுமே’ என்பதுதான் அவர்களது வழக்கமான பேச்சு. ஒரு சதவீதம் என்பது காதுக்குச் சிறியதாகவே கேட்கும். வாங்குபவர் உண்மையில் கொடுக்கப்போகும் தொகையை இத்தகைய சிறிய சதவீதங்களே தீர்மானிக்கின்றன.

இச்சாலைக்குப் பின்னுள்ள சந்தொன்றில், அடுக்குமாடியின் ஒரு தளத்தில் சிறு வீடு ஒன்றை 75 லட்சம் ரூபாய்க்கு ஓர் ஊழியர் வாங்குவதாகக் கொள்வோம். தில்லி அரசின் முத்திரைத் தீர்வை 3 சதவீதம். அதனுடன் மாநகராட்சிக்குரிய சொத்து மாற்று வரி சேரும். இதுவும் 3 சதவீதமாகவே இருந்தது. 25 லட்சத்துக்கு மேற்பட்ட சொத்துகளுக்கு இதை ஒரு சதவீதம் உயர்த்தும் முடிவு 2023இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே வாங்குபவர் ஆணாயின் இரண்டும் சேர்ந்து 7 சதவீதம், அதாவது 5,25,000 ரூபாய். பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம், 75,000 ரூபாய். தரகு ஒரு சதவீதம், மற்றுமோர் 75,000 ரூபாய். தரகர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவராயின் அத்தரகின் மீது 18 சதவீத வரி, 13,500 ரூபாய். அனைத்தையும் கூட்டினால் 6,88,500 ரூபாய். விலையில் இது 9 சதவீதத்துக்குச் சற்று அதிகம்.

ஒன்பது சதவீதம்தானே என்று ஆறுதல் கொள்வதற்கில்லை. இத்தொகையை முழு விலையோடு ஒப்பிடுவதைவிட, வாங்குபவரின் கையிருப்போடு ஒப்பிடுவதே பொருத்தம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில், சொத்தின் மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எனவே நம் ஊழியருக்குக் கிடைக்கக்கூடியது 60 லட்சம். மீதி 15 லட்சத்தைச் சேர்த்துவிட்டால் வீடு நமதே என்று அவர் எண்ணியிருப்பார். ஆனால் முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் சொத்தின் மதிப்போடு சேர்த்துக் கணக்கிடக்கூடாது என்று 2012இல் ரிசர்வ் வங்கி கூறிவிட்டது. 10 லட்சத்துக்கு மிகாத வீடுகளுக்கு மட்டும் 2015இல் விலக்கு வந்தது. தில்லியில் 10 லட்சத்துக்கு எந்த வீடு என்று கேட்கக்கூடாது! ஆக, அவர் கைப்பணமாகத் திரட்ட வேண்டியது 15 லட்சம் அல்ல, ஏறத்தாழ 22 லட்சம். வருங்கால வைப்புநிதியிலிருந்து எடுப்பதும், நகையை அடகு வைப்பதும், அதிக வட்டிக்குத் தனிநபர் கடன் வாங்குவதும் பெரும்பாலும் இந்தக் கடைசி ஏழு லட்சத்துக்காகத்தான்.

தரகைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தீர்வைக்கேனும் சட்டம் உண்டு; தரகின் விகிதத்தைச் சட்டம் எதுவும் வரையறுக்கவில்லை. தில்லி வழக்கப்படி வாங்குபவர் ஒரு சதவீதமும் விற்பவர் ஒரு சதவீதமும் தருகின்றனர். ஒரே தரகர் இரு தரப்பிலும் பெற்றுக்கொண்டால், இந்த வீட்டில் அவருக்கு ஒன்றரை லட்சம். விலை ஏற ஏறத் தரகும் ஏறும். எனவே வாங்குபவரிடம் பணம் பெறுபவர், வாங்குபவருக்காக விலையைக் குறைத்துப் பேசுவார் என்று எதிர்பார்க்க அடிப்படை ஏதும் இல்லை. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் தரகர்களைப் பதிவு செய்யச் சொல்வது உண்மையே. ஆனால் அக்கடமை பதிவு செய்யப்பட்ட கட்டுமானத் திட்டங்களில் விற்பனை செய்வோருக்கானது. கைமாறும் பழைய வீடுகள் அதன் வரம்புக்குள் வருவதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தீர்வை, பத்திரத்தில் எழுதிய விலைக்கும் அரசின் வழிகாட்டி மதிப்புக்கும் எது கூடுதலோ அதன் மீது கணக்கிடப்படும். ‘சர்க்கிள் ரேட்’ எனப்படும் இம்மதிப்பைத் தில்லி அரசு 2007இல் கொண்டுவந்தது. 2014இல் திருத்திய பின் நெடுங்காலம் தொடவில்லை. சந்தை விலை அதைத் தாண்டிச் சென்ற இடங்களில், பத்திரத்தில் ஒரு விலை, கையில் ரொக்கமாக ஒரு விலை என்ற பழக்கம் வேரூன்றியது. தரகர் மட்டும் உண்மை விலைக்கே தரகு கேட்பார்! குறைத்து எழுதினால் தீர்வை மிச்சம் என்று வாங்குபவருக்கு ஆசை காட்டப்படுகிறது. ஆனால் வங்கி, பத்திரத்தில் உள்ள விலையைப் பார்த்தே கடன் தரும். நாளை அவ்வீட்டை விற்கும்போது, எழுதாத தொகையும் இலாபமாகக் கருதப்பட்டு அதற்கும் வரி வரும். ரொக்கத்தை உண்மையில் விரும்புபவர் கணக்கில் வராத பணம் வைத்திருப்பவரே. மாதச் சம்பளக்காரருக்கு அதனால் இழப்புதான் மிச்சம்.

பெண்ணின் பெயரில் வாங்கினால் தில்லியில் இரண்டு சதவீதச் சலுகை உண்டு. மேற்சொன்ன வீட்டுக்கு ஒன்றரை லட்சம் குறையும். கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதினால் அதில் பாதி குறையும். வரவேற்கத்தக்க ஏற்பாடு இது. தமிழ்நாட்டில் தீர்வை 7 சதவீதம். 2017 முதல் 4 சதவீதமாக இருந்த பதிவுக் கட்டணம் 2023இல் 2 சதவீதமாகக் குறைந்தது, ஆனால் அப்போது வழிகாட்டி மதிப்பு உயர்த்தப்பட்டது. பெண்களுக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதச் சலுகை 2025 ஏப்ரலில்தான் வந்தது. அதுவும் 10 லட்சம் வரையிலான சொத்துகளுக்கு மட்டும்.

இனி இச்சுமை யார் மீது விழுவதில்லை என்பதைப் பார்ப்போம். 50 கோடி மதிப்புள்ள ஒரு மாளிகை, அதன் உரிமையாளரின் தனிப்பட்ட பெயரில் இல்லாமல் ஒரு கம்பெனியின் பெயரில் இருப்பதாகக் கொள்வோம். மாளிகையையே விற்றால் 7 சதவீதத் தீர்வை மூன்றரைக் கோடி ரூபாய், பதிவுக் கட்டணம் 50 லட்சம். ஆனால் விற்பவர் மாளிகையை விற்பதில்லை, கம்பெனியின் பங்குகளை விற்கிறார். பத்திரத்தில் உரிமையாளர் அதே கம்பெனிதான். சார்பதிவாளர் அலுவலகத்தின் வாசலை யாரும் மிதிக்க வேண்டியதில்லை. பங்கு மாற்றத்துக்கான முத்திரைத் தீர்வை, 2020 ஜூலை முதல் நாடெங்கும் 0.015 சதவீதம். 50 கோடிக்கு 75,000 ரூபாய். சந்து வீட்டை வாங்கிய ஊழியர் செலுத்திய தீர்வை 5,25,000 ரூபாய், அதாவது இதைப்போல் ஏழு மடங்கு! இவையனைத்தும் சட்டத்துக்கு உட்பட்டே நடக்கின்றன.

இடதுசாரி நாடு என்று எவரும் அழைக்காத சிங்கப்பூர் இந்த வழியை 2017 மார்ச்சில் அடைத்தது. குடியிருப்புச் சொத்துகளை முதன்மையாக வைத்திருக்கும் நிறுவனங்களின் பங்குகளை கணிசமாக வாங்கினால், வீட்டையே வாங்கியதற்கு ஈடாகத் தீர்வை செலுத்த வேண்டும். அங்கு வீட்டுக்கான தீர்வையும் படிநிலையானது. மதிப்பு ஏற ஏற விகிதம் ஏறும். இரண்டாவது வீடு வாங்கும் குடிமக்களுக்குக் கூடுதல் தீர்வையாக 20 சதவீதம் 2023இல் விதிக்கப்பட்டது.

தில்லியில் படிநிலை விகிதத்தைச் சட்டமன்றம் நினைத்தால் கொண்டுவர முடியும். 25 லட்சம் என்ற மாநகராட்சியின் எல்லைக்கோடு ஒரு படிதான். அது ஊழியரின் வீட்டையும் கோடீசுவரரின் மாளிகையையும் ஒரே பக்கத்தில் நிறுத்துகிறது. முதல் வீட்டுக்குக் குறைந்த விகிதமும், மூன்றாவது நான்காவது வீடுகளுக்கு உயர்ந்த விகிதமும் கேட்பது இதனால்தான். பங்கு மாற்றத்தின் விகிதமோ மாநிலங்களின் கையில் இல்லை. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், ஒன்றியப் பட்டியலின் 91ஆவது இனமாக அது இடம்பெற்றுள்ளது. அந்த 0.015 சதவீதத்தை நாடாளுமன்றத்தில்தான் எழுப்பியாக வேண்டும்.