முந்தின இரவுச் சாப்பாடும் மூன்று பொட்டலமும்



ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கொழும்பில் நடக்கும் 21 கிலோமீட்டர் அரை மரதனுக்குப் பெயர் கொடுத்திருக்கிறாராம். இதுதான் முதல் ஓட்டம். முந்தின இரவு என்ன சாப்பிடுவது, ஓடும்போது என்ன கொண்டுபோவது, விலை கூடிய ஜெல் பக்கெட்டை வாங்கத்தான் வேண்டுமா என்று கேட்கிறார்.

தம்பி, தசையிலும் ஈரலிலும் நாம் சேர்த்துவைத்திருக்கும் மாச்சத்து ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மணி நேர ஓட்டத்துக்குத்தான் தாங்கும். முதல் முறை ஓடுகிறவருக்கு 21 கிலோமீட்டர் முடிக்க இரண்டரை மணி நேரம்கூட ஆகலாம். அந்தக் கடைசிப் பகுதிக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

இரவுச் சாப்பாட்டுக்குப் புதிதாக எதையும் தேட வேண்டாம். ஏழு மணிக்கெல்லாம் வெள்ளைச் சோறு இரண்டரைக் கோப்பை, நுவரெலியாக் கிழங்குக் கறி, கொஞ்சம் பருப்பு, ஒரு முட்டை. சோற்றில் மட்டும் நூறு கிராமுக்கு மேல் மாச்சத்து வந்துவிடும். மற்ற நாட்களில் நல்லதென்று சாப்பிடும் சிவப்பரிசியையும் கீரையையும் அன்று ஒதுக்குங்கள். நார் கூடினால் ஓடும்போது வயிறு கழிவறையைத் தேடும். தேங்காய்ச் சம்பலும் வேண்டாம். ரொட்டி பிடிக்குமென்றால் சம்பலை விட்டுப் பருப்போடு சாப்பிடலாம். கொழும்பில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மணக்கும் கொத்து ரொட்டிக்கு ஓட்டம் முடிந்த பிறகு போங்கள். அதன் எண்ணெயும் மிளகாயும் விடியும்வரை வயிற்றிலேயே கிடக்கும். நிறையச் சாப்பிட்டால் நிறைய ஓடலாம் என்று ஒரே இரவில் மூன்று தட்டுச் சோறு தின்பதும் தப்பு. முந்தின இரண்டு நாளும் வேளைக்கு ஒரு கைப்பிடி கூட்டிச் சாப்பிடுவதே மேல்.

ஆறு மணிக்கு ஓட்டம் என்றால் மூன்றரைக்கு எழும்பிப் பாண் மூன்று துண்டில் ஜாம் பூசிச் சாப்பிடுங்கள். கூடவே ஒரு வாழைப்பழமும் சீனி போட்ட பிளேன்டீயும் போதும்.

இனி ஓட்டத்துக்கு. மணிக்கு முப்பது முதல் அறுபது கிராம் மாச்சத்து என்பது பொதுவான அளவு. புதியவருக்கு முப்பத்தைந்து, நாற்பது போதும். ஒரு லீட்டர் தண்ணீரில் மட்டமாக ஐந்து மேசைக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி உப்பு, ஒரு தேசிக்காயின் சாறு கலந்தால் கடையில் விற்கும் விளையாட்டுப் பானத்துக்குச் சமமான இனிப்பு வந்துவிடும். இதில் அரை லீட்டர் போத்தலைக் கொண்டுபோனால் முப்பது கிராம் கையில் இருக்கும். கூடவே கொட்டை எடுத்த சிறிய பேரீச்சம்பழம் நான்கு நான்காக மூன்று பொட்டலம். ஒரு பொட்டலத்தில் ஏறக்குறைய இருபது கிராம். நாற்பதாவது நிமிடத்தில் முதலாவது, எண்பதில் இரண்டாவது, நூற்றுப்பதினைந்தில் மூன்றாவது; இடையிடையே போத்தலிலிருந்து ஒவ்வொரு மிடறு. களைத்த பிறகு சாப்பிட ஆரம்பித்தால் அது உதவிக்கு வருவதற்குள் கால்கள் நின்றுவிடும்.

இனிப்புக் கூடட்டும் என்று சீனியை இரட்டிப்பாக்காதீர்கள். கெட்டியான பானம் வயிற்றை விட்டு இறங்காது. உள்ளே தளும்பும், பிறகு பிடிக்கும். அப்படித் தளும்பினால் கொஞ்ச நேரம் வெறும் தண்ணீர் மட்டும் குடித்து வேகத்தைக் குறையுங்கள். பார்மசியில் கிடைக்கும் ஜீவனி வேறு சாமான். அதில் உப்பு நிறைய, சீனி கொஞ்சம். வயிற்றோட்டத்துக்கு அருமருந்து, ஓட்டத்துக்கான சாப்பாடு ஆகாது.

மலையில் பழகியவருக்கு இன்னொரு சிக்கல். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் குளிரில் வியர்வையே தெரியாது. கொழும்பின் புழுக்கத்தில் அதே வேகத்தில் ஓடினால் உடுப்பு நனைந்து ஒட்டும். அதற்குப் பயந்து ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் கோப்பை கோப்பையாக ஊற்றிக்கொள்வதும் ஆபத்து. 2002ஆம் ஆண்டு பொஸ்டன் மரதனில் இரத்தம் சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களிடம் அது அதிகம் காணப்பட்டது. தாகம் எடுத்தால் குடியுங்கள், அதுவே அளவு. முடிந்தால் ஒரு நாள் முன்கூட்டியே கீழே இறங்கி, பயிற்சி ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லீட்டர் வியர்வை போயிருக்கிறது.

ஜெல்லுக்கு வருவோம். ஒரு பக்கெட்டில் இருபது, இருபத்தைந்து கிராம் மாச்சத்து; உங்கள் பேரீச்சம்பழப் பொட்டலத்தில் இருப்பதும் அதுதான். மெல்ல வேண்டாம் என்பது ஒன்றே அதன் சிறப்பு. ஓடிக்கொண்டே மெல்ல முடியாதவர் வாங்கலாம். ஆனால் ஓட்டத்தன்று முதல் முறையாகப் பிரிக்கக் கூடாது. பேரீச்சம்பழத்துக்கும் இதே விதிதான், அதுவும் சிலர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. 15 கிலோமீட்டர் பயிற்சி ஓட்டத்தில் இரண்டு தடவையாவது இதே பொட்டலங்களோடு ஓடிப் பாருங்கள்.

மலையகத்திலிருந்து நெடுந்தூரம் ஓடிய அக்காமாரும் அண்ணன்மாரும் இதைப் படித்தால், நீங்கள் எதைக் கொண்டுபோனீர்கள், எது வயிற்றுக்கு ஒத்துவந்தது என்று எழுதுங்கள். அடுத்த இதழில் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்