தைராய்டு மாத்திரை போட்ட பிறகு சோர்வு கூடுகிறதா? டோஸை ஏற்றும் முன் ஒரு நிமிடம்!

டி.எஸ்.எச். கூடியிருந்தால் தைராக்ஸின் மாத்திரை, அப்பவும் சோர்வு போகலையா, டோஸை ஏற்று. நம்மில் பலருக்கு தைராய்டு சிகிச்சை இந்த இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. பெரும்பாலானோருக்கு இது போதும்தான். ஆனால் டைப் 1 சர்க்கரை நோய் உள்ளவருக்கும் இதே இரண்டு வரியைப் பயன்படுத்துவது தவறு என்பது என் கருத்து.

காரணம், இந்த நோய்கள் கூட்டமாக வருபவை. நம் நோய் எதிர்ப்பு சக்தியே நம் சுரப்பிகளைத் தாக்குவதுதான் ஆட்டோ இம்யூன் நோய். தைராய்டைத் தாக்கிய அதே கோளாறு கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைத் தாக்கினால் டைப் 1 சர்க்கரை நோய். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தாக்கினால் அடிசன் நோய். தைராய்டும் அட்ரினலும் ஒன்றாகப் பழுதான நோயாளிகளைப் பற்றி 1926-லேயே ஷ்மிட் என்ற மருத்துவர் எழுதிவிட்டார்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். 28 வயதுப் பெண், ஐ.டி. வேலை. பத்து வருடமாக டைப் 1. தினமும் 40 யூனிட் இன்சுலின் போட்டவருக்கு, சில மாதங்களாக 28 யூனிட்டிலேயே 'லோ சுகர்' வருகிறது. சாப்பாடும் நடையும் மாறவில்லை. எடை குறைகிறது. ஊறுகாய், அப்பளம் மீது திடீர் ஆசை. முகம் கறுத்திருக்கிறது. "வெயில்ல வண்டி ஓட்டினா கறுக்காம என்னம்மா செய்யும்?" என்கிறார்கள் வீட்டில். டி.எஸ்.எச். 8 வருகிறது. 50 மைக்ரோகிராம் தைராக்ஸின் தொடங்குகிறார்கள்.

இரண்டு வாரத்தில் வாந்தி, வயிற்று வலி, எழுந்து நின்றால் தலைசுற்றல். எமர்ஜென்சியில் பார்த்தால் பிரஷர் 84/50. ரத்தத்தில் சோடியம் குறைவு, பொட்டாசியம் அதிகம்.

என்ன நடந்தது? அட்ரினல் சுரக்கும் கார்ட்டிசால்தான் பட்டினி நேரத்தில் சர்க்கரையைத் தாங்கிப் பிடிக்கும் ஹார்மோன். அது குறைந்ததால்தான் பழைய இன்சுலின் அளவு அவருக்கு அதிகமாகிப் போனது. கார்ட்டிசால் குறைந்தால் டி.எஸ்.எச்.சும் ஓரளவு ஏறும். தைராய்டு மந்தமாக இருக்கும்வரை இருக்கிற கொஞ்சம் கார்ட்டிசால் மெதுவாகச் செலவாகும். தைராக்ஸின் உள்ளே போனதும் செலவு வேகமெடுக்கிறது; வரவோ இல்லை. உயிருக்கே ஆபத்தான நிலை அது.

கறுப்பிலும் ஒரு துப்பு இருக்கிறது. வெயில் படாத இடங்களைப் பாருங்கள்: உள்ளங்கை ரேகைகள், ஈறு, பழைய தழும்பு. முன்பு இல்லாத கருமை அங்கே புதிதாக வந்திருந்தால் வெயிலைக் குறை சொல்ல முடியாது.

சந்தேகம் வந்தால் முதல் டெஸ்ட் எளிது. காலை 8 மணி வாக்கில் எடுக்கும் ரத்தத்தில் கார்ட்டிசால். 3 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் அட்ரினல் பழுது என்ற சந்தேகம் மிக வலுவாகிறது. 18-க்கு மேல் என்றால் பெரும்பாலும் கவலையில்லை. நடுவில் இருந்தால் ஊசி போட்டு அட்ரினலைத் தூண்டிப் பார்க்கும் சோதனை தேவை. ஆனால் ஆள் சரிந்து கிடக்கும்போது ரிசல்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. ரத்தம் எடுத்த கையோடு ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. ஊசியும், சலைன் டிரிப்பும் போட்டுவிட வேண்டும். (நம் நாட்டில் காசநோயும் அட்ரினலைக் கெடுக்கும், அதையும் பார்ப்பார்கள்.)

அப்படியானால் தைராய்டு உள்ள எல்லாரும் கார்ட்டிசால் டெஸ்ட் எடுக்கணுமா? வேண்டாம். தைராய்டு நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு அடிசன் வரப்போவதே இல்லை. 'ஃபுல் பாடி பேக்கேஜ்' விற்பவர்களுக்கு நான் ஆள் பிடிக்கவும் இல்லை. காரணமில்லாத லோ சுகர், எடை இழப்பு, உப்பு ஆசை, புதுக் கருமை, தலைசுற்றல் இவற்றில் சில சேர்ந்து வந்தால் மட்டும், டோஸ் மாற்றும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சோர்வோடு கால் மரத்துப்போவதும் நாக்கு எரிவதும் இருந்தால் அது வேறு கதை. இதே கூட்டத்தைச் சேர்ந்த பெர்னீஷியஸ் அனீமியாவாக இருக்கலாம். இரைப்பை பழுதாகி, உணவில் இருக்கும் பி12 உடம்பில் சேராது. சைவம் சாப்பிடுபவர் என்றால் சாப்பாட்டின் மேல் பழி போட்டு, இதைத் தவறவிடுவது சுலபம்.

நம் உதாரணப் பெண்ணுக்கு வருவோம். முதலில் ஸ்டீராய்டு, பிறகுதான் தைராக்ஸின் என்பதே சரியான வரிசை. தினமும் 15 முதல் 25 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன், இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. உப்பைப் பிடித்துவைக்க ஃப்ளூட்ரோகார்ட்டிசோன். காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் இரண்டு மடங்கு. இன்சுலின் தேவை மறுபடி ஏறும் என்பதால் அந்த வாரங்களில் சர்க்கரையை அடிக்கடி பார்க்க வேண்டும். சில வாரம் கழித்து டி.எஸ்.எச்.சைத் திரும்ப எடுப்பார்கள். சிலருக்கு அது தானாகவே நார்மலுக்கு வந்திருக்கும். அவர்களுக்குத் தைராக்ஸினே தேவைப்படாது.