பந்து வாய்க்காலில் விழுந்தால்

2025 ஏப்ரலில் பாளையங்கோட்டைத் தனியார் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் வகுப்புத் தோழனை அரிவாளால் வெட்டினான். தடுக்க வந்த ஆசிரியையும் காயமுற்றார். பென்சில் ஒன்றைப் பற்றிய மனத்தாங்கலே தொடக்கம் எனச் செய்திகள் கூறின. பென்சில் சண்டைகள் நம் மக்தபுக்கும் தினமும் வருகின்றன. "ஹஜ்ரத், இவன்..." என்று ஓடிவரும் பிள்ளையை "போய் ஓது" என்று திருப்பி அனுப்புவதே நம் வழக்கம்.

அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் சகோதரர்கள் இதற்கென ஒரு பயிற்சியை உருவாக்கினர். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் சமரசம் செய்யக் கற்கின்றனர். பின்னர் நாளுக்கு இருவராக முறைவைத்து அப்பணியைச் செய்கின்றனர். கற்பிக்கும் வழி நடிப்பு.

நான்கைந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு கற்பனைச் சண்டையைத் தருவோம். ஒருவன் அடித்த பந்து பாளையங்கால்வாயில் போய்விட்டது. பந்துக்காரன் ஐம்பது ரூபாய் கேட்கிறான். இருவர் சண்டைக்காரர், இருவர் சமரசம் செய்வோர். சண்டைக் காட்சிக்கு ஒரு நிமிடமே, கை படக்கூடாது. நீட்டினால் நடிப்பே சண்டையாகிவிடும். பின்னர் ஒவ்வொருவனும் தனக்கு என்ன வேண்டும், மனத்தில் என்ன இருக்கிறது, ஏன் என்று சொல்ல வேண்டும். அடுத்தவன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஆமாம், அதைத்தான் சொன்னேன்" என்று முதலாமவன் ஒப்பும்வரை மேலே செல்லக்கூடாது. இந்த இடத்தில்தான் பந்துக்காரனின் கவலை வெளிவருகிறது: பந்து அண்ணனுடையது, வீட்டில் அடி விழும். அடித்தவனோ, "எல்லாரும் சேர்ந்துதானே ஆடினோம்" என்கிறான். இதன்பின் இருவருமாக மூன்று தீர்வுகளேனும் சொல்ல வேண்டும். ஆடிய அனைவரும் பணம் பகிர்வது, அடித்தவன் அண்ணனிடம் உடன்சென்று உண்மை சொல்வது, தன் பழைய பந்தைத் தருவது. தேர்ந்ததை யார், எப்போது செய்வது என்று முடித்துக் கைகொடுப்பர். பிறகு வேடங்களை மாற்றிக்கொள்வர்.

பெரும்பாலும் தவறுவது சமரசம் செய்வோரே. நம் பிள்ளைகள் ஜமாஅத் பஞ்சாயத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள். அமர்ந்தவுடன் தீர்ப்புக் கூறி அபராதமும் விதித்துவிடுவர்! "நீ கொடு" என்ற சொல் வந்தாலே நடிப்பை நிறுத்துகிறோம். அவர்கள் கேள்வி மட்டுமே கேட்கலாம். கட்டாய 'ஸாரி'யும் இப்படித்தான். அது சண்டையை மூடிவைக்கும், முடிக்காது. இரண்டு நாள் கழித்து இருவரும் ஒரே வரிசையில் அமர்கிறார்களா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

எல்லாச் சண்டையையும் பிள்ளைகளிடம் விட வேண்டும் என்பது நம் கருத்தன்று. பெரியவன் சிறியவனைத் தொடர்ந்து வதைப்பது, சாதியையோ மார்க்கத்தையோ சொல்லி இழிப்பது, மிரட்டல், ஆயுதம், உடலைத் தொடுதல் ஆகியவற்றில் சமரசத்துக்கே இடமில்லை. வலியவன் முன் எளியவன் "ஆமாம்" என்பது ஒப்புதலாகாது. அவை உடனே பெரியவரிடம் வர வேண்டும். ஆதலால் ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரு சண்டையை வேண்டுமென்றே இவ்வகையில் அமைக்கிறோம். அதை அடையாளம் கண்டு, பேச்சை நிறுத்தி, நம்மிடம் எழுந்து வரும் பிள்ளையே அன்று சரியாக நடித்தவன்.