மீனில் இல்லை, பெயரில் இருக்கிறது

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் பிள்ளைகளைப் பார்க்க சிங்கப்பூர் போய் வந்த பெரியவர்கள் நிறையப் பேர். தை, மாசியில் போனவர்கள் 'லோ ஹேய்' விருந்தைப் பார்த்திருப்பீர்கள். சீனப் புத்தாண்டுக்கு ஒரு பெரிய தட்டில் துருவிய காய்களும் நடுவில் பச்சை மீன் துண்டுகளும் வைத்து, சுற்றி நின்று குச்சிகளால் உயரத் தூக்கிக் கலந்து, வாழ்த்தைக் கத்துவார்கள். இன்றைய வடிவத்தை 1960களில் சிங்கப்பூர்ச் சமையற்காரர்கள் நால்வர் பரப்பினார்கள்.

"மீன் அவங்களுக்குச் செழிப்போட அடையாளம்ப்பா" என்றான் என் மகன். நம்மில் சைவக்காரர்கள் அதைக் கேட்டு ஒதுங்கிவிடுகிறோம். அந்த விளக்கம் அரைகுறை என்பது என் கட்சி.

சீனத்தில் மீனுக்கு 'யூ' என்று பெயர். மிச்சம், உபரி என்பதற்கும் 'யூ'தான். எழுத்து வேறு, ஒலி, ஏற்ற இறக்கம் உட்பட, ஒன்றே. 'நியென் நியென் யோ யூ' என்றால் 'வருஷா வருஷம் மிச்சம் இருக்கட்டும்'. காதுக்கு 'மீன் இருக்கட்டும்' என்றும் கேட்கும். அதனால்தான் பல வீடுகளில் புத்தாண்டுக்கு முந்தின இரவு மீனைத் தின்று தீர்ப்பதில்லை. மறுநாளுக்குக் கொஞ்சம் வைப்பார்கள். மிச்சம் இருந்தால்தானே சொல் பலிக்கும்!

ஒலி மாறினால் வாழ்த்தும் போய்விடும். கமலா ஆரஞ்சை இரண்டிரண்டாகக் கொடுப்பார்கள். கான்டனீஸ் மொழியில் அந்தப் பழமும் 'கம்', பொன்னும் 'கம்'. மாண்டரினில் பழம் 'கான்', பொன் 'ஜின்'. அங்கே அந்தச் சிலேடை நிற்காது.

நமக்கு ஏன் இவ்வளவு சிலேடை இல்லை? ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டால் மாண்டரினில் சுமார் 400 அசைகள்தான். ஒரே ஒலியைப் பல சொற்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நம் சொற்கள் நீளம், விகுதி வேறு சேரும். நாம் பொருளைப் பார்த்துச் சொல்லை மாற்றுகிறோம். விளக்கை 'அணை' என்னாமல் 'குளிர வை' என்போம், 'போறேன்' என்னாமல் 'போயிட்டு வரேன்' என்போம். நன்னூல் இதற்கு 'மங்கலம்' என்றே பெயர் வைத்திருக்கிறது. அவர்கள் ஒலியைப் பார்த்துப் பண்டத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

சீனரிலும் சைவம் சாப்பிடும் பௌத்தர்கள் உண்டு. அவர்கள் சோயாப் பால் ஆடையில் மீன் போல ஒன்று செய்து, அதையும் 'யூ' என்றே பரிமாறுகிறார்கள். வாழ்த்துக்கு வேண்டியது அந்தப் பெயர்தான்.

ஆகவே அடுத்த முறை அழைப்பு வந்தால், மீனைத் தனித் தட்டில் வைக்கும்படி முன்கூட்டியே சொல்லிவிட்டு, நீங்களும் குச்சியை எடுங்கள். வாயால் 'யூ' சொன்னால் ஆசாரம் கெட்டுவிடாது. வருஷக் கடைசியில் கையில் நாலு காசு மிச்சம் இருக்கட்டும் என்ற வேண்டுதல், பென்ஷன்காரர்களான நமக்கும் பொருந்தும்தானே?