வங்கிக்கும் 3,000, பிரதி எடுக்கும் கடைக்கும் 3,000

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் கண்ணாடிக் கதவும் குளிரூட்டியுமாக நிற்கும் ஒரு வங்கிக் கிளையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரதேச சபைகள் சட்டத்தின் 152ஆம் பிரிவின்படி அக்கிளையிடமிருந்து கரைச்சிப் பிரதேச சபை ஆண்டொன்றுக்கு அறவிடக்கூடிய வியாபார வரியின் உச்சத் தொகை 3,000 ரூபா. அதே வீதியில் ஒரு மேசையும் ஒரு பழைய இயந்திரமும் வைத்துக்கொண்டு பிரதி எடுத்துக் கொடுக்கும் ஒருவரிடமிருந்தும் சபை அதே 3,000 ரூபாவை அறவிடலாம். இது எவரும் இலஞ்சம் வாங்கியதால் வந்த நிலை அன்று. சட்டமே இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வியாபாரங்களை அவற்றின் முந்திய ஆண்டு வரவுகளைக் கொண்டு படிநிலைகளாகப் பிரிக்கிறது. 6,000 ரூபாவுக்கு மேற்படாத வரவுக்கு வரி இல்லை. அதற்குமேல் 90, 180, 360, 1,200 எனத் தொகை ஏறிச் செல்கிறது. வரவு 150,000 ரூபாவைத் தாண்டினால் 3,000. அத்துடன் ஏணி முடிகிறது. ஆண்டுக்கு 150,000 ரூபா என்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ 411 ரூபா. இன்று வன்னியில் நாளுக்கு 411 ரூபாவேனும் கல்லாவில் விழாத கடையை எவராவது காட்டுவாரானால், அது மூடப்பட்ட கடையாகத்தான் இருக்கும். சட்டம் இயற்றப்பட்ட காலத்தில் சிறியவரையும் பெரியவரையும் பிரித்துக் காட்டிய படிகள் யாவும் பணவீக்கத்தில் மூழ்கிவிட்டன. எல்லோரும் ஒரே மேற்படியில் நிற்கிறார்கள்.

மற்றைய வகை வரியின் கதையும் இதுவே. சாப்பாட்டுக் கடை, வெதுப்பகம் போன்று அனுமதிப்பத்திரம் பெறவேண்டிய தொழில்களுக்கும், வேறு பல விற்பனை நிலையங்களுக்கும் சபை கட்டடத்தின் வருடாந்தப் பெறுமதியை அளவுகோலாகக் கொள்கிறது. அக்கட்டடத்தை வாடகைக்கு விட்டால் ஆண்டில் என்ன கிடைக்கும் என்ற மதிப்பீடே வருடாந்தப் பெறுமதி; சோலைவரிக்கும் அதுவே அடிப்படை. அது 750 ரூபாவுக்கு மேற்படாவிட்டால் 500, அதற்கு மேல் 1,500 வரை 750, அதையும் தாண்டினால் 1,000 ரூபா. ஆண்டுக்கு 1,500 ரூபா என்றால் மாத வாடகை 125 ரூபா. புதுக்குடியிருப்பில் நான்கு தடிகளை நட்டுத் தகரம் போட்ட கொட்டிலைக்கூட அந்த வாடகைக்கு எவரும் தரமாட்டார்.

இதைப் பொருளியலார் உத்தேச வரி என்பர். வியாபாரியின் உண்மையான இலாபத்தைக் கணக்குப் பார்த்துக் கண்டறிவதற்குப் பதிலாக, கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளத்தைக் கொண்டு, 'இவருக்கு இவ்வளவு இருக்கும்' என்று அனுமானித்து வரி விதிப்பது. கடையின் பரப்பளவு, வாடகைப் பெறுமதி, மொத்த விற்பனை, தொழிலின் வகை ஆகியவற்றுள் ஏதாவதொன்று அடையாளமாகும். இம்முறையை நான் முற்றாக எதிர்ப்பவன் அல்லன். கடன் கொப்பியைத் தவிர வேறு பேரேடு அறியாத ஒரு பலசரக்குக் கடைக்காரரிடம் இலாபநட்டக் கணக்கும் ஐந்தொகையும் கேட்பது அபத்தம். அவர் கணக்காளருக்குக் கொடுக்கும் கூலி, செலுத்தவேண்டிய வரியை விடக் கூடிவிடும். அந்த வரியைக் கறப்பதற்கு அரசுக்கு ஆகும் செலவும் அப்படித்தான்.

ஆகவே எளிமை வேண்டும் என்பதில் தகராறு இல்லை. ஆனால் எளிமையின் பெயரால் இங்கே யார் தப்பிக்கொள்கிறார்கள் என்பதே என் கேள்வி. ஒரே தொகை என்றால் சங்கடம் இல்லை, எவரும் கணக்கைக் கிளறப்போவதில்லை என்று உள்ளூர் வர்த்தகப் பிரமுகர்கள் மனநிறைவோடு சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த மனநிறைவின் பெரும்பங்கு பெரிய கடைக்காரர்களுக்கே உரியது. தெற்கிலிருந்து வந்து கிளை திறந்த சங்கிலி அங்காடிக்கு 3,000 ரூபா என்பது ஒரு மணி நேர மின்கட்டணத்துக்குக்கூடக் காணாது. பிரதி எடுப்பவருக்கோ அது பல நாள் உழைப்பு. சபையும் ஏழையாகவே இருக்கிறது. சந்தைக்குக் கூரை இல்லை, வடிகால் இல்லை என்று முறையிடும் வியாபாரிகளுக்குத் தவிசாளர் காட்டும் வெறும் பெட்டியின் காரணங்களுள் இந்தப் படிநிலையும் ஒன்று.

அப்படியானால் விற்பனையில் ஒரு சதவீதத்தை எடுத்துவிட்டால் நீதி கிடைத்துவிடுமே என்று சிலர் சொல்வார்கள். பார்வைக்கு அழகான யோசனைதான். இலங்கைக்குப் புதியதும் அன்று. 2010ஆம் ஆண்டு முடியும்வரை மாகாண சபைகள் மொத்த, சில்லறை விற்பனை மீது புரள்வு வரி அறவிட்டு வந்தன. 2011இல் அது நிறுத்தப்பட்டு, கொழும்பு அறவிட்ட தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மாகாணங்களுக்குப் பங்கு தரப்பட்டது. 2019 டிசம்பரில் அந்த வரியும் நீக்கப்பட்டது. புரள்வு வரியை மீண்டும் கொண்டுவரச் சொல்பவர்கள் கீழ்வரும் கணக்கைப் பார்க்க வேண்டும். தொகைகள் என் கற்பனை. ஆனால் இவ்வகைக் கடைகளை அறிந்தவர்கள் இவற்றைப் பொருந்தாதவை என்று சொல்லமாட்டார்கள்.

பரந்தன் சந்தியில் ஒரு தேநீர்க் கடை. ஆண்டு விற்பனை 20 இலட்சம் ரூபா. தேயிலை, சீனி, பால்மா, விறகு, வாடகை எல்லாம் போக உரிமையாளரின் கையில் மிஞ்சுவது 7 இலட்சம். சற்றுத் தள்ளிச் சீமெந்தும் கம்பியும் விற்கும் ஒரு கடை. அங்கே ஆண்டு விற்பனை இரண்டு கோடி. சீமெந்தில் இலாப விளிம்பு மிகச் சிறிது. விற்பனையில் நூற்றுக்கு மூன்றரையே நிகராக மிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டால் அவருக்கும் அதே 7 இலட்சம். இருவரும் ஒரே தரத்தில் வாழ்கிறவர்கள். இப்போது விற்பனையில் ஒரு சதவீதம் வரி விதியுங்கள். தேநீர்க் கடைக்காரர் 20,000 ரூபா கட்டுவார். அது அவரது வருமானத்தில் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. சீமெந்துக் கடைக்காரர் 2 இலட்சம் கட்டுவார். அது அவரது வருமானத்தில் நூற்றுக்கு இருபத்தெட்டுக்கும் மேல்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. 2025 ஏப்ரல் முதல் தனியாள் வருமான வரி விலக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா. வேறு வருமானம் இல்லையானால், உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி இவ்விருவரும் ஒரு சதமும் கட்ட வேண்டியதில்லை. கணக்கு வைத்து உண்மையைக் காட்டினால் வரி இல்லை. கணக்கு வைக்கத் தெரியாததால் 2 இலட்சம். சலுகை என்று சொல்லி நீட்டப்படும் எளிமை அறியாமைக்கான தண்டமாக மாறுவது இப்படித்தான்.

இக்கணக்கை நான் இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. பெறுமதி சேர் வரிக்குப் பதிவுசெய்ய வேண்டிய ஆண்டுப் புரள்வின் எல்லை 2024 ஜனவரியில் 80 மில்லியனிலிருந்து 60 மில்லியன் ரூபாவாகக் குறைந்தது. அதனை 36 மில்லியனாகக் குறைக்க, 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் முன்மொழிந்தது. 36 மில்லியன் என்றதும் கொழும்பில் இருப்பவர்களுக்குப் பெரும் வியாபாரம் போலத் தோன்றும். நாளொன்றுக்கு அது ஒரு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு பை சீமெந்து 2,000 ரூபா என்று கொண்டால், நாளுக்கு 50 பை. ஒரு வீட்டுத்திட்டம் நடக்கும் ஊரில் நடுத்தரமான ஒரு கடை விற்கும் அளவுதான் அது. எல்லை கீழே இறங்க இறங்க, எல்லைக்கு உள்ளே அகப்பட்டவர்களின் முணுமுணுப்பும், கீழே நிற்பவர்களுக்கு 'எளிய' வரி வேண்டும் என்ற பேச்சும் சேர்ந்தே எழும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அனுமானம் சராசரியைப் பார்க்கும். வன்னி சராசரியில் வாழ்வதில்லை. காலபோக அறுவடை முடிந்து நெல்லுக்குக் காசு வரும் மாசி, பங்குனியில் கடைகள் நிறையும். மற்றைய மாதங்களில் பாதி வியாபாரம் கடன் கொப்பியில். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் மூழ்கியபோது பொருளை இழந்த கடைக்காரருக்கும், கொப்பியில் எழுதிய கடனை இனி வாங்க முடியாது என்று அறிந்தவருக்கும் கட்டடத்தின் வருடாந்தப் பெறுமதி ஒரு ரூபாவும் குறையவில்லை. ஆங்கிலேயர் காலத்து நெல்வரியும் இப்படித்தான் நடந்தது. விளைந்ததை ஆண்டுதோறும் அளப்பது தொல்லை என்று, 1878ஆம் ஆண்டுச் சட்டம் சராசரி விளைச்சலைக் கணித்து நிலையான பணத்தொகையைக் கட்டாயமாக்கிற்று. விளையாத ஆண்டில் கட்ட முடியாதவர்களின் வயல்கள் ஏலம் போயின. மலைநாட்டில் வலப்பனைப் பகுதி பட்ட பாடு பிரசித்தம். 1892இல் அதைக் கைவிட நேர்ந்தது.

இந்தியாவும் இந்தப் பாடத்தைப் படித்தது. 1992இல் மன்மோகன் சிங் நிதியமைச்சராக இருந்தபோது சிறு வியாபாரிகள் ஆண்டுக்கு 1,400 ரூபா கட்டினால் போதும் என்ற திட்டம் வந்தது. பின்னர் அது கைவிடப்பட்டது. இன்று அங்கே நடப்பில் உள்ள முறை, விற்பனையில் நூற்றுக்கு 8ஐ இலாபம் என அனுமானித்து, அந்த இலாபத்தை வழமையான வருமான வரி அட்டவணைக்குள் வைப்பது. பணம் வங்கிவழி வந்திருந்தால் நூற்றுக்கு 6. வரி விலக்கு எல்லை அவருக்கும் உண்டு. உண்மை இலாபம் அதைவிடக் குறைவு என்பவர் புத்தகங்களைக் காட்டி வெளியே வரலாம். குறையற்ற முறை என்று சொல்லமாட்டேன். சீமெந்து வியாபாரிக்கு நூற்றுக்கு 8 அங்கேயும் கனவுதான். ஆனாலும் அனுமானத்தை மறுக்கும் வாசல் திறந்திருக்கிறது. நமது 3,000 ரூபாவுக்கு அந்த வாசலும் இல்லை, மேலே ஏறும் படியும் இல்லை.

சட்டத்தின் படிநிலைகளைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை. வன்னியிலிருந்து அங்கே போய் அமர்ந்திருப்பவர்கள் 152ஆம் பிரிவை வாசித்திருக்கிறார்களா என்று வாக்களித்தவர்கள் கேட்க வேண்டும். தொகைகளைப் புதுப்பிக்க வேண்டும். விலைவாசியோடு அவை தாமாக ஏறவும் வேண்டும். தொழில் வகைக்குத் தக்க இலாப விளிம்பு கணிக்கப்பட வேண்டும். வெள்ள ஆண்டில் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு தள்ளுபடி கேட்கும் உரிமை எழுத்தில் இருக்க வேண்டும்.

ஆனால் சட்டம் திருந்தும்வரை சபைகள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. சட்டம் குறிப்பது உச்சத் தொகையைத்தான். ஒவ்வோர் ஆண்டும் சபை தீர்மானம் நிறைவேற்றி வர்த்தமானியில் அறிவித்தே அறவிடுகிறது. வங்கிக்கு 3,000க்கு மேல் கேட்கச் சபைக்கு அதிகாரம் இல்லை. பிரதி எடுப்பவரிடம் 500 மட்டும் கேட்பதைத் தடுக்க எவரும் இல்லை. 2025 மே மாதத் தேர்தலில் தெரிவான உறுப்பினர்கள் இப்போது கரைச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் வவுனியா வடக்கிலும் அமர்ந்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டுக்கான வரித் தீர்மானம் சபைக்கு வரும்போது, கடந்த ஆண்டின் தாளில் ஆண்டை மட்டும் மாற்றிக் கொண்டுவந்திருக்கிறார்களா என்று ஓர் உறுப்பினராவது எழுந்து கேட்கட்டும்.