வாடகை வீட்டில் தனியாக இருக்கும் மூத்தவர்களும் ஒரு தொலைபேசி இலக்கமும்

பதிவு கொஞ்சம் நீளம். வாடகைக்கு வீடோ அறையோ கொடுத்திருப்பவர்களும், தாயோ தகப்பனோ தனியாக வாடகைக்கு இருப்பவர்களும் கடைசி வரை வாசியுங்கள்.

நம் ஊரில் டவுன் பக்கமும் ஸ்டேஷன் பக்கமும் தனியாக வாடகைக்கு இருக்கும் மூத்தவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். பிள்ளைகள் கொழும்பில், கட்டாரில், சவூதியில். தோட்டத்து லயத்தில் இருந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் இருக்கும். இருமினால் கூடக் கேட்கும். தனி அனெக்ஸில் அப்படி இல்லை. அங்கே பக்கத்தில் இருக்கும் ஒரே மனிதர் பெரும்பாலும் வீட்டுக்காரர்தான். அவரிடம் ஓர் உறவினரின் இலக்கம் இருக்க வேண்டும், அவர் இடைக்கிடை வந்து பார்ப்பதற்கு அந்த மூத்தவர் சம்மதித்திருக்க வேண்டும். இரண்டையும் வாடகை பேசும்போதே பேசி எழுதிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

"அதெல்லாம் எங்கட ஊர்ல தானா நடக்கும் சேர்" என்று சிலர் சொல்வார்கள். தானாக நடக்கும் என்று நம்பிய இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு லண்டனில் ஒரு சம்பவம் இருக்கிறது. பெக்கம் என்ற பகுதியில் ஒரு பெரிய வீடமைப்பு நிறுவனத்தின் தொடர்மாடியில் அறுபது வயதை ஒட்டிய ஒரு பெண் தனியாக வாடகைக்கு இருந்தார். 2019 ஓகஸ்டில் வாடகை கட்டுவது நின்றது. சில மாதங்களில், அவருடைய அரச உதவிப் பணத்திலிருந்து வாடகை நேரடியாக வரும்படி நிறுவனம் ஏற்பாடு செய்துகொண்டது. காசு வந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எரிவாயுப் பரிசோதனைக்கு வந்தவர்களுக்குக் கதவு திறக்கவில்லை, எரிவாயுவைத் துண்டித்தார்கள். அயலவர்கள் துர்நாற்றம் என்று முறையிட்டார்கள். 2020 ஒக்டோபரில் பொலிஸார் இரண்டு தடவை வந்து கதவைத் தட்டினார்கள். ஆனால் அவர் நலமாக இருப்பதாகப் பிழையான தகவல் ஒன்று நிறுவனத்துக்குப் போனது. கடைசியில் 2022 பெப்ரவரியில் புயல் காற்றில் பல்கனிக் கதவு அடித்துக்கொண்டதால்தான் உள்ளே போய்ப் பார்த்தார்கள். அவர் இறந்து இரண்டரை வருடங்கள் ஆகியிருந்தன.

இதில் அடையாளங்களுக்குக் குறைவே இல்லை. வாடகை நின்றது, கதவு திறக்கவில்லை, நாற்றம் வந்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மேசையில் தனித்தனியாகக் கிடந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, ஓர் உறவினரைக் கூப்பிட்டு, அன்றைக்கே கதவைத் திறப்பது இன்னாருடைய வேலை என்று எங்கும் தீர்மானித்திருக்கவில்லை. நாம் எழுதி வைக்க வேண்டியதும் அதைத்தான்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஓர் உதாரணம். எழுபத்து நான்கு வயதுப் பாட்டி ஒருவர், வீட்டின் பின்பக்க அறையில் வாடகைக்கு இருக்கிறார். பிரஷர், சீனி இரண்டும் உண்டு, நுவரெலியா கிளினிக்கில் மருந்து எடுக்கிறார். மகன் கட்டாரில், மகள் ஹட்டனில். தலவாக்கலையில் தம்பி மகன் ஒருவர் இருக்கிறார். வீட்டுக்காரர் கேட்டால் பாட்டி யாருடைய இலக்கத்தைக் கொடுப்பார்? சந்தேகமில்லாமல் மகனுடையதை. வீட்டுக்குக் காசு அனுப்புவது அவர்தானே. ஆனால் அவசரத்துக்கு அந்த இலக்கம் மட்டும் போதாது. கட்டாரில் இருப்பவர் வேலை நேரத்தில் போனை எடுக்க முடியாமல் இருக்கலாம், எடுத்தாலும் வந்து கதவைத் திறக்க முடியாது.

ஆகவே இரண்டு பெயர் வேண்டும். முதலாவது, சீக்கிரம் வந்து சேரக்கூடியவர். இங்கே அது தலவாக்கலை மருமகன். இரண்டாவது, ஆஸ்பத்திரியில் முடிவு சொல்லக்கூடியவர். அது மகள் அல்லது மகன். எழுதிய அன்றே பாட்டியின் முன்னால் இரண்டு பேருக்கும் ஒரு கோல் எடுத்துப் பார்க்க வேண்டும். இலக்கம் சரியா என்பது அப்போதே தெரிந்துவிடும், தன் பெயர் எழுதப்பட்டிருப்பதும் அவர்களுக்குத் தெரியவரும். வெளிநாட்டில் இருப்பவர்கள் சிம் மாற்றுவார்கள். அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, வாடகை கொடுக்கும் நாளில், "இலக்கம் அதேதானா பாட்டி?" என்று கேட்டால் போதும்.

பல மூத்தவர்கள் இலக்கம் கொடுக்கத் தயங்குவார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. வாடகை பத்து நாள் பிந்தினால் பிள்ளைக்குப் போன் போய்விடுமோ என்று பயம். "உங்க அம்மாவுக்கு முடியல்ல, கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லி எழுப்பிவிடுவார்களோ என்று பயம். யுத்த காலத்தில் பொலிஸ் பதிவுக்குப் பட்ட பாட்டை நினைத்து, பெயர் எழுதுவதென்றாலே ஒதுங்குபவர்களும் இருக்கிறார்கள். இந்தப் பயத்தைப் போக்க வாய்ப்பேச்சு போதாது, எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு கொப்பித் தாளில் இவ்வளவு எழுதினால் போதும்:

"இந்த இலக்கங்களுக்கு மூன்று காரணங்களுக்காக மட்டும் பேசப்படும். ஒன்று, கதவைத் தட்டியும் போன் எடுத்தும் பதில் இல்லாதபோது. இரண்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது. மூன்று, மண்சரிவு, தீ போன்ற ஆபத்தில் வீட்டை விட்டு வெளியேறும்போது. வாடகை விடயத்துக்கு இந்த இலக்கங்களைப் பயன்படுத்துவதில்லை. பெயர் கொடுக்கப்பட்டவர்கள் வாடகைக்குப் பிணையாளிகள் அல்ல."

இரண்டு பேரும் கையொப்பம் வைத்து ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தாள் யாருக்கும் அனுப்புவதற்கல்ல, வீட்டுக்குள் இருப்பதற்கு.

அடுத்தது, வந்து பார்ப்பது. எத்தனை நாளுக்கு ஒரு தடவை? இதை ஆழமாக யோசிக்க வேண்டும். மூத்தவர் ஒருவர் விழுந்து எழும்ப முடியாமல் தரையிலேயே கிடந்தால், விழுந்த அடியை விடக் கிடக்கும் நேரம் ஆபத்தாகலாம். மணிக்கணக்கில் அழுத்தம் பட்ட தசை சிதைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கும். தண்ணீர் இல்லாமல் உடம்பு வற்றும். நம் ஊர் குளிரைச் சொல்லவே வேண்டாம். ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் 10 பாகைக்குக் கீழே போகும் சீமெந்துத் தரையில் ஒரு முதியவரின் உடம்பு வேகமாகச் சூட்டை இழக்கும். இதே குளிருக்காகக் கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு உள்ளே கரி மூட்டுகிறார்கள். அந்தப் புகைக்குள் இருக்கும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமே இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

ஆக, கிழமைக்கு ஒரு தடவை வந்து பார்ப்பதால் விழுந்தவரைக் காப்பாற்ற முடியாது. ஞாயிறு வந்து பார்த்துவிட்டுப் போனவருக்குத் திங்கள் விழுந்தது அடுத்த ஞாயிறுதான் தெரியும். அதற்கு நாளாந்தம் ஓர் அடையாளம் வேண்டும், அது யாருக்கும் தொந்தரவாகவும் இருக்கக் கூடாது. பாட்டி காலையில் எழும்பியதும் முன் ஜன்னல் திரையை விலக்குவார், எட்டு மணிக்கு வீட்டுக்கார அம்மா பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும்போது ஒரு பார்வை பார்ப்பார். திரை மூடியிருந்தால்தான் கதவைத் தட்ட வேண்டும். ஒரு வார்த்தை பேசவும் தேவையில்லை. ஊருக்குப் போவதானால் பாட்டி முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு தடவை வீணாகப் பதறியவர்கள் மூன்றாவது தடவை பதறமாட்டார்கள்.

கிழமைக்கு ஒரு தடவை பார்ப்பது வேறு விடயத்துக்கு. ஆள் மெலிகிறாரா, மருந்து அப்படியே கிடக்கிறதா, கரி எங்கே மூட்டுகிறார், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாரா என்பதெல்லாம் பத்து நிமிஷம் வாசலில் நின்று பேசினாலே தெரியும். தனியாக இருக்கும் பெண் என்றால் வீட்டுக்காரரின் மனைவியோ மகளோ போவதுதான் முறை.

பதில் இல்லாவிட்டால்? மூன்று தடவை ஸலாம் சொல்லியும் பதில் இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும் என்பது நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒழுக்கம். விருந்தாளியாகப் போகும்போது அது சரி. இங்கே பதில் வராததே ஆபத்தின் அடையாளம், திரும்பக் கூடாது. தட்டுங்கள், போன் எடுங்கள், உள்ளே மணி அடிக்கிறதா என்று காது கொடுங்கள், ஜன்னலால் பாருங்கள். முனகல் கேட்டாலோ ஆள் கிடப்பது தெரிந்தாலோ உடனே 1990 சுவசெரிய. அது இலவச அம்பியுலன்ஸ். ஒன்றும் தெரியாவிட்டால் மருமகனைக் கூப்பிட்டு, அவர் சம்மதத்தோடு, பக்கத்து வீட்டார் ஒருவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு கதவைத் திறக்கலாம். மருமகனும் கிடைக்காவிட்டால் அரை மணித்தியாலத்துக்கு மேல் காத்திராமல் 119க்கு அறிவித்துவிட்டுத் திறவுங்கள். விழுந்தவரை இழுத்துத் தூக்கி உட்கார வைக்காதீர்கள், போர்வையால் போர்த்திவிடுங்கள். உயிர் போயிருப்பது தெரிந்தால் எதையும் அசைக்காமல் பொலிஸுக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் அறிவியுங்கள்.

மேலதிகச் சாவியை ஒரு கவரில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் பாட்டி கையொப்பம் வைத்துக் கொடுத்தால், அது திறக்கப்பட்டதா என்பதை எப்போதும் பார்க்கலாம். பலர் மறக்கும் விடயம் ஒன்று இருக்கிறது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தால் சாவியால் ஒரு பிரயோசனமும் இல்லை. வெளியே சாவியால் திறக்கக்கூடிய நல்ல பூட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்து, தாழ்ப்பாளைத் தவிர்க்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்காரர்களே, நீங்கள் தாதி அல்ல, பிள்ளையும் அல்ல. மருந்து கொடுப்பது, இரவில் காவல் இருப்பது உங்கள் வேலை இல்லை. அதையும் தாளில் எழுதுங்கள். "ஏதும் ஆனா யார் பதில் சொல்றது?" என்ற பயத்தில்தான் பலர் தனியாக இருக்கும் மூத்தவர்களுக்கு வீடு கொடுக்க மறுக்கிறார்கள். ஜப்பானிலும் இதே பிரச்சினைதான். அங்கே 2024இல் மட்டும் வீட்டில் தனியாக இறந்து கிடந்தவர்கள் சுமார் 76,000 பேர், நால்வரில் மூவர் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள். வீட்டுக்காரர்கள் கதவை மூடிக்கொண்டார்கள். அதனால் 2025 ஒக்டோபரிலிருந்து, தினமும் ஒரு தடவை கருவி மூலம் நலம் அறிவது, மாதம் ஒரு தடவையாவது நேரில் போய்ப் பார்ப்பது என்ற ஏற்பாட்டோடு உள்ள வாடகை வீடுகளை உள்ளூராட்சி நிர்வாகங்கள் அங்கீகரிக்கின்றன. அவர்களுக்குக் கருவி, நமக்கு ஜன்னல் திரை.

பிள்ளைகளே, 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் அடித்தபோது மலைநாட்டில் கரண்டும் சிக்னலும் போய், அம்மாவின் போனுக்கு எடுத்து எடுத்துக் களைத்தவர்கள் உங்களில் எத்தனை பேர்? அம்மாவின் இலக்கம் மட்டும் கையில் இருந்தால் அப்படித்தான். வீட்டுக்காரரின் இலக்கமும், அவருடைய அயலவர் ஒருவரின் இலக்கமும் உங்கள் போனில் இருக்க வேண்டும்.

வரும் மாதம் வாடகை கொடுக்கும் நாளில் ஒரு கொப்பித் தாளும் பேனையும் எடுத்துக்கொண்டு இரண்டு தரப்பும் உட்காருங்கள். பாட்டி வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டாம், அது அவருடைய உரிமை. ஆனால் அந்த மூன்று காரணங்களையும் முதலில் வாசித்துக் காட்டிவிட்டுக் கேளுங்கள்.