லேபில் பறக்கும் பக்கம், பஸ்ஸில் நகருமா?



ஒவ்வொரு ஆண்டும் இறுதியாண்டு புராஜெக்ட் வைவாவில் நடப்பதைப் பார்க்கிறோம். லேப் கணிப்பொறியிலேயே சர்வர், அதே கணிப்பொறியிலேயே பிரவுசர். என்டர் தட்டினால் பக்கம் கண் மூடித் திறப்பதற்குள் வந்து நிற்கிறது. எக்ஸ்டர்னல் தலையாட்டுகிறார், மார்க் விழுகிறது. அந்தப் பக்கத்தை உண்மையில் திறக்கப்போகிறவன் டவுன் பஸ் படிக்கட்டில் நின்றுகொண்டு, ஒரு கோடு சிக்னலில், மெஸ் பில் எவ்வளவு என்று பார்க்கப்போகிறான். அவனுக்கு எத்தனை வினாடி ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் எப்படிக் கேட்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

குரோம் பிரவுசரில் F12 தட்டி, Network பகுதிக்குப் போனால் மேலே `No throttling` என்று ஒரு பட்டியல் நிற்கும். அதற்குள் `Fast 4G`, `Slow 4G`, `3G`, `Offline` என்று தயார்நிலை அளவுகள் உண்டு. 2024-க்கு முந்தைய புத்தகத்திலும் வீடியோவிலும் `Fast 3G`, `Slow 3G` என்றிருக்கும். அதே அளவுகள்தான் இப்போது முறையே `Slow 4G`, `3G` என்று பெயர் மாறியிருக்கின்றன. `Fast 4G` புதிதாகச் சேர்ந்தது. பக்கத்திலேயே `Disable cache` கட்டத்தையும் டிக் செய்ய வேண்டும். இல்லையென்றால் இரண்டாம் முறை திறக்கும்போது எல்லாக் கோப்பும் டிஸ்க்கிலிருந்தே வந்துவிடும். வேகத்தைக் குறைத்ததற்கே அர்த்தம் இல்லாமல் போகும். F12 ஜன்னலை மூடினால் தடையும் போய்விடும், இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

`3G` என்று தேர்ந்தெடுத்தால் என்ன நடக்கிறது? இறங்கு வேகம் 400 கிலோபிட், அதாவது வினாடிக்கு 50 கிலோபைட். ஒவ்வொரு கோரிக்கைக்கும் பதில் தொடங்குவதற்கு முன் 2 வினாடி காத்திருப்பு. இந்த இரண்டு எண்ணை வைத்துக்கொண்டு ஒரு மெஸ் பில் பக்கத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எச்டிஎம்எல் 10 கிலோபைட், சிஎஸ்எஸ் 25, ஜாவாஸ்கிரிப்ட் 300. அந்த ஸ்கிரிப்ட் ஓடிய பிறகுதான் பில் தொகையை சர்வரிடம் தனியாகக் கேட்கும். நம்மில் பலர் இப்படித்தான் எழுதுகிறோம்.

எச்டிஎம்எல் வர 2.2 வினாடி. அதைப் படித்ததும் சிஎஸ்எஸ், ஸ்கிரிப்ட் இரண்டும் ஒன்றாகக் கேட்கப்படும். காத்திருப்பு 2, இரண்டும் சேர்ந்த 325 கிலோபைட் இறங்க 6.5. பிறகு தொகையைக் கேட்க இன்னொரு 2. மொத்தம் ஏறக்குறைய 13 வினாடி. அதுவரை பஸ்காரன் பார்ப்பது சுழலும் வட்டம் ஒன்றைத்தான். இப்போது தொகையை சர்வரே எச்டிஎம்எல்லுக்குள் எழுதி அனுப்பட்டும், ஸ்கிரிப்ட்டுக்கு `defer` போடுங்கள். சிஎஸ்எஸ் வந்தவுடன், சுமார் 5 வினாடியில், தொகை கண்ணில் படும். ஸ்கிரிப்ட் பின்னால் மெதுவாக வரட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்? வேலை ஒரு மாலை நேரம்தான். இந்த வித்தியாசம் லேபில் ஒருபோதும் தெரியாது. எந்தக் கோப்பு எதற்காகக் காத்திருக்கிறது என்பதை Network பகுதியின் படிக்கட்டுப் படம் அப்பட்டமாகக் காட்டிவிடும். இதுதான் இந்த அளவுகளின் உண்மையான பயன்.

ஆனால் "3G-யில் 13 வினாடி" என்று ரிப்போர்ட்டில் எழுதிவிட்டு, இதுதான் நிஜம் என்று சாதிக்காதீர்கள். ஏனென்றால் பிரவுசர் தடுப்பது கோரிக்கையை. கம்பியில் போகும் பாக்கெட்டை அல்ல. நிஜ நெட்வொர்க்கில் ஒரு புதிய சர்வரைத் தொட வேண்டுமானால் முகவரி தேட ஒரு போய்வரல், இணைப்புக்கு ஒன்று, பாதுகாப்புச் சாவி மாற்ற ஒன்றோ இரண்டோ, பிறகுதான் கோரிக்கை. போய்வர 400 மில்லிவினாடி என்றால் மொத்தம் ஏறக்குறைய 2 வினாடி. ஆனால் இணைப்பு ஏற்கெனவே திறந்திருந்தால் அடுத்த கோரிக்கைக்கு ஒரே ஒரு 400 மில்லிவினாடிதான். பிரவுசருக்கு இந்த வேறுபாடு தெரியாது. பழைய இணைப்பாகட்டும், புது சர்வராகட்டும், எல்லோருக்கும் ஒரே 2 வினாடி தண்டனை.

விளைவு இரண்டு பக்கமும் கோணல். ஒரே சர்வரிடம் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து சின்னக் கேள்வி கேட்டால் பிரவுசர் 10 வினாடி என்று மிரட்டும். நிஜத்தில் 2 வினாடியில் முடியலாம். எழுத்துருவை ஓர் ஊரிலிருந்தும், படத்தை இன்னோர் ஊரிலிருந்தும், ஸ்கிரிப்ட்டை மூன்றாவது ஊரிலிருந்தும் இழுத்தால் நிஜத்தில் ஒவ்வொன்றும் அடி வாங்கும். பிரவுசரோ அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. பாக்கெட் தொலைந்து போவதும் இதில் கிடையாது. பஸ் பாலத்தடியில் போகும்போது சிக்னல் கோடு இருக்கும், டேட்டா மட்டும் வராது, தெரியுமல்லவா? அதை `Offline` காட்டாது. `Offline` உடனே "இல்லை" என்று சொல்லிவிடும். பாலத்தடியில் சொல்லவும் சொல்லாது, விடவும் விடாது.

"இப்ப எல்லார் கையிலயும் 5ஜி இருக்கு, 3ஜி-யெல்லாம் எவன்டா பார்க்கிறான்?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரே பதில்: சாயங்காலம் ஆறு மணிக்கு உங்கள் தினசரி டேட்டா தீர்ந்த பிறகு பேசுங்கள். நம் பக்கத்துப் பிளான்கள் பலவற்றில் அதன்பின் கிடைப்பது 64 கிலோபிட். வினாடிக்கு 8 கிலோபைட்! மேலே சொன்ன 325 கிலோபைட் இறங்க 40 வினாடிக்கு மேல். அதாவது பட்டியலில் உள்ள ஆகக் கடைசியான `3G`-யே நம் ராத்திரி நேர நெட்டைவிட ஆறு மடங்கு வேகம். எனவே அதே பட்டியலின் அடியில் `Add...` தட்டி, இறங்கு வேகம் 64, ஏறு வேகம் 64 என்று சொந்தமாக ஓர் அளவு சேர்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் வைவாவில் காட்ட வேண்டியது அந்த அளவைத்தான். அதில் பில் தொகை மட்டுமாவது 10 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்று வைத்துக்கொண்டால் பக்கம் தானாக இளைக்கும்.

பாக்கெட் அளவில் சோதிக்க ஆசை உள்ளவர்களுக்கு லினக்ஸ் சர்வரில் வழி இருக்கிறது:

```
sudo tc qdisc add dev eth0 root netem delay 400ms rate 400kbit loss 2%
```

`eth0` இருக்கும் இடத்தில் உங்கள் கணிப்பொறியின் இணைப்புப் பெயர். `ip link` கட்டளை காட்டும். இது வெளியே போகும் பாக்கெட்டைத்தான் தாமதப்படுத்தும், உள்ளே வருவதை அல்ல. அதனால் சர்வர் உள்ள இயந்திரத்தில் போட்டுவிட்டு, லேப் வைஃபையில் நிஜமான ஒரு மலிவு போனிலிருந்து பக்கத்தைத் திறக்க வேண்டும். போனில் திறப்பதில் இன்னொரு லாபமும் உண்டு: 300 கிலோபைட் ஸ்கிரிப்ட் வந்து சேர்ந்த பிறகு அதை ஓட்ட அந்த போன் படும் பாடும் தெரிந்துவிடும். நெட்வொர்க் தடை லேப் கணிப்பொறியின் பிராசஸரைத் தொடுவதே இல்லை.

சோதனை முடிந்ததும் இதை மறக்காமல் அடியுங்கள்:

```
sudo tc qdisc del dev eth0 root
```

இல்லாவிட்டால் மறுநாள் காலையில் அந்த மெஷினில் உட்காரும் ஜூனியர், கேபிள் போச்சு என்று எல்லா பிளக்கையும் பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருப்பான்.